கட்டர் இறங்கு குழாய்கிட்ட ஒழுகுது, மூணு தடவை பசை பூசியும் நிக்கலை

மூலைவீடு (கோத்தகிரி), 14 அக்டோபர், இரவு 9.40

ஜிஐ ஷீட் கூரை. முன்பக்கத் தாழ்வாரம் 24 அடி நீளம். மே மாசம் ஆள் வைச்சு, கூரைத் தண்ணியை வாங்க 6 அங்குல அரைவட்ட பிவிசி கட்டர் போட்டோம். கிழக்கு மூலையில 110 மிமீ குழாய் இறங்குது. கட்டரோட வாய்க்கும் அந்தக் குழாய்க்கும் நடுவுல ஒழுகுது. முதல்ல சிலிக்கான் பூசினேன். பத்து நாள் தாங்கிச்சு. அடுத்து ரெண்டு கலவையைப் பிசைஞ்சு அப்பற மாவு, மூணாவது திரும்ப சிலிக்கான், அதுவும் கனமா. இப்போ கட்டரை அடிச்சிருக்கற முகப்புப் பலகையோட ஓரம் கறுத்து, விரல் வைச்சா உள்ளே போகுது. சுவர்ல பாசி.

ஐப்பசி மழை இன்னும் முழுசா ஆரம்பிக்கவே இல்லை. அதுக்குள்ள சரி பண்ணணும். எந்தப் பசை தாங்கும்?

கேத்திக்காரன், 14 அக்டோபர், இரவு 10.15

பசையில்லை பிரச்சினை, சரிவு பத்தலை. தண்ணி நிக்கற இடத்துலதான் ஒழுகும். 10 அடிக்கு 3 அங்குலம் சரிவு கொடுங்க, ஒரு சொட்டு நிக்காது. எங்க வீட்டு சமையல்கட்டுப் பக்கம் அப்படித்தான் போட்டேன், ஆறு வருஷமாச்சு.

பண்ணைக்காடு அக்கா, 15 அக்டோபர், காலை 6.50

எங்க வீட்லயும் இதே மாதிரி மூலையில ஈரம். தளத்துக்கு மேல சுர்க்கி போட்டு ஓடு பதிச்சோம், அப்பவும் நிக்கலை. நீங்களும் தளத்தைத் திரும்பப் பூசிப் பாருங்க.

மூலைவீடு, 15 அக்டோபர், காலை 7.20

அக்கா, எங்களுது தளம் இல்லை, தகரக் கூரை. ஒழுகறது கூரையில இல்லை, கூரைத் தண்ணியை வாங்கற கட்டர்ல.

பழைய தகரக்காரர் (குன்னூர்), 15 அக்டோபர், மதியம் 1.30

அம்மா, பசையை விடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மழை பெய்யறப்ப மட்டும் ஒழுகுதா, இல்ல மழை நின்ன பிறகும் சொட்டிக்கிட்டே இருக்கா?

பெருமழையில மட்டும் ஒழுகி, மழை விட்டதும் நின்னுட்டா, குழாய்க்குள்ள இலை அடைச்சு தண்ணி மேலே ஏறி இணைப்பு வழியா வெளியே வருதுன்னு அர்த்தம். அதுக்கு அடைப்பை எடுத்தா போதும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சும் சொட்டினா, கட்டருக்குள்ள எங்கேயோ தண்ணி தேங்கி, கொஞ்சம் கொஞ்சமா இணைப்புல இருக்கற ரப்பர் வழியா கசியுது. ரெண்டும் ஒரே இடத்துலதான் சொட்டும், வைத்தியம்தான் வேற வேற.

மூலைவீடு, 15 அக்டோபர், மாலை 6.05

மழை பெய்யறப்ப மட்டும்தான், ஐயா.

மூலைவீடு, 17 அக்டோபர், காலை 7.10

நான் எழுதினது தப்பு. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு மழை விட்டுது. ராத்திரி ஒரு தூறல்கூட இல்லை. இப்போ காலையில போய் நின்னு பார்த்தேன், எண்ணி எண்ணி சொட்டுது. நிமிஷத்துக்கு எட்டு, ஒன்பது சொட்டு. மழை நேரத்துல வீட்டுக்குள்ள இருந்தே பார்த்துட்டு, அப்ப மட்டும்தான்னு நினைச்சுட்டேன்.

பழைய தகரக்காரர், 17 அக்டோபர், மதியம் 12.45

அப்ப தேங்குது. ஏணி வைச்சு ஏறி, கட்டருக்குள்ள இருக்கற தண்ணியைத் துணியால ஒத்தி எடுத்துடுங்க. மேல் முனையில ரெண்டு செம்பு தண்ணி மெதுவா ஊத்துங்க. அஞ்சு நிமிஷம் பொறுத்து எங்கே நிக்குதுன்னு பாருங்க.

இன்னொண்ணு. சொட்டற இடம்தான் கசியற இடம்னு நினைக்காதீங்க. தண்ணி குழாயோட வெளிப்பக்கமா வழிஞ்சு எங்கேயாவது விளிம்பு கிடைச்ச இடத்துலதான் சொட்டும். வெளிப்பக்கத்தை நல்லா துடைச்சுக் காய வைச்சு, கோலமாவைத் தூவி விடுங்க. முதல்ல எங்கே ஈரக்கோடு விழுதோ அதுதான் ஆதி.

கேத்திக்காரருக்கு: தேங்கற தண்ணிதான் காரணம்னு சொன்னது சரி. 10 அடிக்கு 3 அங்குலம்னு சொன்னது இந்த வீட்டுக்கு ஆகாது. 23, 24 அடி ஓட்டத்துல கீழ் முனை கிட்டத்தட்ட 7 அங்குலம் இறங்கிடும். ஷீட்டோட விளிம்புக்கும் கட்டருக்கும் நடுவுல அவ்வளவு இடைவெளி இருந்தா, காத்தடிக்கறப்ப தண்ணி கட்டருக்குள்ள விழாது, சுவத்துல அடிக்கும். உங்க சமையல்கட்டுப் பக்கம் எத்தனை அடி?

கேத்திக்காரன், 17 அக்டோபர், இரவு 8.30

எட்டடிதான். ரெண்டரை அங்குலம் இறங்குது, அதனால தெரியலை போல. நீளமான ஓட்டத்துக்கு அப்ப எவ்வளவுதான் வைக்கறது?

பழைய தகரக்காரர், 17 அக்டோபர், இரவு 9.10

மீட்டருக்கு 5 மிமீ. 10 அடிக்கு 15 மிமீன்னு வைச்சுக்கோங்க, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. இதுல பாதி இருந்தாலே தண்ணி ஓடிடும். ஆனா நம்ம பக்கம் சில்வர் ஓக் இலையும் கூரையிலிருந்து வர்ற மண்ணும் சேர்ந்து படியும், அதைத் தள்ளிக்கிட்டுப் போக இந்த அளவு வேணும். கண்ணுக்கு நேராத் தெரியற கட்டர்தான் சரியான கட்டர். கீழே நின்னு பார்க்கறப்பவே சாய்ஞ்சு தெரிஞ்சா அதிகம் வைச்சுட்டாங்கன்னு அர்த்தம்.

பந்தலூர் மழை, 18 அக்டோபர், காலை 10.00

எல்லாரும் சரிவைப் பத்தியே பேசுறீர்கள். கட்டரின் கொள்ளளவை யாரும் கேட்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ பெய்தது. அப்படிப் பெய்தால் 6 அங்குலக் கட்டர் எதற்கு ஆகும்? எங்கள் ஊரில் இரண்டு முனையிலும் குழாய் இறக்குவோம். உங்களுக்கும் அதுதான் தீர்வு.

மூலைவீடு, 18 அக்டோபர், மாலை 5.30

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பக்கக் கூரை கிடைமட்டமா 24 அடிக்கு 13 அடி, சுமார் 29 சதுர மீட்டர். ஒரு மணிக்கு 10 செ.மீ கணக்குல கொட்டினா நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 50 லிட்டர், மூணு குடத்துக்கு மேல. கேட்க நிறையத் தெரியுது. ஆனா 110 மிமீ குழாய் ஒண்ணே அதை வாங்கிடுது. ஆறு மாசத்துல ஒரு தடவைகூட கட்டர் விளிம்பு தாண்டி வழிஞ்சதில்லை. எங்களுக்கு ஆகஸ்ட் மழை உங்க பக்கம் மாதிரி வராது, ஐப்பசி கார்த்திகைதான் கெட்டி. அதனால இப்போதைக்கு அளவுல கை வைக்கலை.

பந்தலூர் மழை, 18 அக்டோபர், மாலை 6.10

வழியவில்லை என்றால் சரி. 75 மிமீ குழாயாக இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

மூலைவீடு, 20 அக்டோபர், மதியம் 2.15

பள்ளிக்கூடம் லீவு. காலையிலேயே ஏணி ஏறிட்டேன். பார்த்ததை அப்படியே எழுதறேன்.

கோலமாவு முதல்ல. நான் மூணு தடவை பசை பூசினது வாய்க்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கற இணைப்புல. அங்கே மாவு காய்ஞ்சே இருந்துச்சு. ஈரக்கோடு ஆரம்பிச்சது அதுக்கு மேல, கட்டர் பட்டையும் வாய்த்துண்டும் சேர்ற ரப்பர்ல. அங்கேருந்து வாய்த்துண்டோட அடிவயிறு வழியா ஓடி வந்து, நான் அப்பி வைச்ச சிலிக்கான் விளிம்புல தங்கிச் சொட்டுது. ஆறு மாசமா கசியாத இணைப்பை அடைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

அடுத்து செம்புத் தண்ணி. வாய்க்கு 4 அடி முன்னால குளம் மாதிரி நின்னுச்சு. அங்கேயிருந்து வாய் வரைக்கும் நீளுது, ரப்பர் ராத்திரியெல்லாம் அதுலதான் ஊறிக்கிட்டு இருக்கு.

கொத்தனார் வீட்லேருந்து டியூப் மட்டம் வாங்கி வந்து ஒவ்வொரு பிராக்கெட்கிட்டயும் அளந்தேன். மேல் முனையைப் பூஜ்யம்னு வைச்சா, 8 அடியில 11 மிமீ இறக்கம், 16 அடியில 27, 19 அடியில 39. வாய் இருக்கற 23 அடியில 30.

அதாவது வாய்தான் அடிமட்டமா இருக்கணும். ஆனா அதுக்கு 4 அடி முன்னாலயே 9 மிமீ பள்ளம்.

பழைய தகரக்காரர், 20 அக்டோபர், மாலை 4.40

நல்லா அளந்திருக்கீங்க. ரெண்டு முனையை மட்டும் பார்த்தா 23 அடிக்கு 30 மிமீ, யாரும் குறை சொல்ல முடியாது. போட்டவர் முகப்புப் பலகையோட கீழ் விளிம்பைப் பிடிச்சு அளந்திருப்பாரு. பழைய வீட்டுப் பலகை நடுவுல தொய்ஞ்சிருக்கும், பிராக்கெட்டும் அது கூடவே இறங்கிடும்.

பிராக்கெட் எத்தனை அடிக்கு ஒண்ணு? வாய்த்துண்டைப் பலகையில திருகி இருக்கா? குழாய் கீழே எங்கே நிக்குது?

மூலைவீடு, 20 அக்டோபர், மாலை 5.00

4 அடிக்கு ஒண்ணு. வாய்த்துண்டுல திருகாணி ஓட்டை ரெண்டு இருக்கு, திருகு இல்லை. குழாய் நேரா சிமெண்ட் தரையில ஊன்றி நிக்குது, கீழ்ப்பக்கம் வெட்டி விட்ட பக்கவாட்டு வாய் வழியா தண்ணி போகுது. மேலே வாயோட பசை போட்டு ஒட்டியிருக்கு, சுவர்ல மூணு கிளாம்ப், மூணும் இறுக்கம்.

பழைய தகரக்காரர், 20 அக்டோபர், இரவு 8.20

கிடைச்சுடுச்சு. வாய்த்துண்டைத் தாங்கறது பலகை இல்லை, குழாய். பிவிசி வெயில்ல நீளும். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.06 மிமீ போல. உங்க குழாய் 9 அடின்னா 2.7 மீட்டர். கோத்தகிரியில விடிகாலை பத்து டிகிரி குளிர்ல இருக்கற குழாய், கிழக்கு வெயில் நேரா பட்டா 40 தொடும். 30 டிகிரி வித்தியாசத்துக்கு 5 மிமீ நீளுது. கீழே தரை விடாது, கிளாம்ப் விடாது, அப்ப மேலே தள்ளும். தினமும் வாயைத் தூக்கித் தூக்கி இறக்குது. எந்தப் பசையும் இதுல பத்து நாளுக்கு மேல நிக்காது, நீங்க பூசினது தப்பான இடமா இல்லாம இருந்தாலும்.

அந்தப் பக்கம் 4 அடி பிராக்கெட். 6 அங்குல அரைவட்டம் நிறைஞ்சா ஒரு அடிக்கு 2.7 கிலோ தண்ணி. நாலடிக்கு 11 கிலோ. நடுவுல தொய்யாம என்ன பண்ணும்? வாய் தூக்க, பக்கம் தொய்ய, நடுவுல ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி ஒரு பக்கம் திறந்துக்கிச்சு.

கழட்டிட்டுத் திரும்பப் போடுங்க. ஒரு நாள் வேலைதான்.

கேத்திக்காரன், 20 அக்டோபர், இரவு 9.00

ஐயா, நானும் குழாயைத் தரையில ஊன்றித்தான் வைச்சிருக்கேன். நாளைக்கே அடியை அறுத்துடறேன்.

பண்ணைக்காடு அக்கா, 21 அக்டோபர், காலை 7.00

இப்பத்தான் புரியுது. எங்க மாட்டுக்கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதுக்குக் கட்டரே இல்லை. அதுக்கு முகப்புப் பலகையும் கிடையாது, பிராக்கெட்டை எதுல அடிக்கறது?

பழைய தகரக்காரர், 21 அக்டோபர், மதியம் 1.10

கைமரத்து நுனியில அடிக்கணும்மா. கொல்லன்கிட்ட ஒரு அங்குலம் அகலம், 3 மிமீ கனம் பட்டை இரும்பு கொடுத்து, கட்டர் வளைவுக்கு வளைச்சு, வால் விட்டு வாங்குங்க. வாலைக் கைமரத்துப் பக்கவாட்டுல ரெண்டு திருகு போட்டு இறுக்குங்க. ஷீட்டுல மட்டும் ஓட்டை போடாதீங்க, ஆஸ்பெஸ்டாஸ் தூள் மூச்சுக்குள்ள போகக்கூடாது. கைமரம் ரெண்டடிக்கு ஒண்ணு இருந்தா ஒவ்வொண்ணுலயும் அடிச்சிடலாம்.

மூலைவீடு, 29 அக்டோபர், இரவு 8.00

இன்னைக்கு ஞாயிறு. நானும் தம்பியும் காலை ஏழுல ஆரம்பிச்சு மாலை நாலுக்கு முடிச்சோம். பிராக்கெட் மாட்டறதுல ஒண்ணரை மணி நேரம்தான் போச்சு, மீதி எல்லாம் அளக்கறதும் திரும்ப அளக்கறதும்.

கட்டர் முழுசையும் இறக்கினோம். உளுத்த பலகை 3 அடியை வெட்டி எடுத்துட்டு புதுசா வைச்சு, வெட்டுமுனையில பெயிண்ட் அடிச்சோம். மேல் முனை பிராக்கெட்டை முதல்ல அடிச்சோம். ஷீட் விளிம்பு கட்டருக்குள்ள ரெண்டு அங்குலம் நீட்டி நிக்கற மாதிரியும், கட்டரோட பின் விளிம்பு ஷீட்டுக்கு ஒரு அங்குலம் கீழே வர்ற மாதிரியும் பார்த்துக்கிட்டோம். அப்புறம் டியூப் மட்டத்தால அதே மட்டத்தை வாய் வர்ற இடத்துக்குக் கொண்டு போய்ப் பென்சில் கோடு. கோட்டுக்கு 35 மிமீ கீழே வாய்த்துண்டு. இந்தத் தடவை அதுக்கே உரிய ரெண்டு திருகையும் போட்டு பலகையோட இறுக்கிட்டோம். இனி அதைத் தாங்கறது பலகைதான்.

ரெண்டுக்கும் நடுவுல நைலான் நூலை விண்ணுன்னு இழுத்துக் கட்டினோம். பிராக்கெட்டோட அடிவளைவு நூலைத் தொட்டும் தொடாம இருக்கற மாதிரி ஒவ்வொண்ணா. ரெண்டரை அடிக்கு ஒண்ணு. வாய்க்கு ரெண்டு பக்கமும், நடு இணைப்புக்கு ரெண்டு பக்கமும் அரையடிக்குள்ள ஒண்ணு கூடுதலா. பலகை எங்கே தொய்ஞ்சிருக்கோ அங்கே பிராக்கெட் பலகையில மேலே ஏறி நிக்குது. பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கு, ஆனா நூல்தான் கணக்கு. ஒரு இடத்துல பலகை வெளிப்பக்கமா வளைஞ்சிருந்துச்சு, பக்கத்துல உள்வாங்கின இடத்துல பிராக்கெட்டுக்குப் பின்னால மரச்சில்லு வைச்சுத் தள்ளினோம்.

ரப்பரைக் கழட்டி சோப்புத் தண்ணியில கழுவினேன். பழைய சிலிக்கானைச் சுரண்டறதுக்கே ஒரு மணி நேரம். கட்டர் முனையை அரத்தால தேய்ச்சு பிசிறு எடுத்து, சோப்பு தடவின ரப்பர் மேல பின் விளிம்பை முதல்ல கொக்கியில மாட்டி, முன் விளிம்பை அமுக்கினா டக்குன்னு உட்காருது. வாய்த்துண்டுக்குள்ள ஒரு கோடு இருக்கு, கட்டர் முனை அந்தக் கோடு வரைக்கும்தான் போகணும், முட்டக்கூடாது. 12 அடிப் பட்டை வெயில்ல 6, 7 மிமீ நீளும், அதுக்கு இடம் அது. பசை ஒரு துளிகூட எங்கேயும் போடலை.

குழாயை அடியில 3 அங்குலம் அறுத்து அந்தரத்துல விட்டாச்சு, கீழே தொட்டி வாய்க்குள்ள விழுது. வாயோட நுனி குழாயோட அகன்ற வாய்க்குள்ள இறங்கணும், மாறி இருந்தா தண்ணி வெளியே வழியும். முழுசா இறக்கிட்டு 10 மிமீ பின்னால இழுத்து விட்டோம். கிளாம்ப்ல மேலே இருக்கறது மட்டும் இறுக்கம், மத்த ரெண்டும் பிடிச்சும் பிடிக்காமலும்.

செம்பு தண்ணி ஊத்தினதும் ஓடிப் போன வேகம் இருக்கே. தம்பி கீழே நின்னு கைதட்டினான்.

பந்தலூர் மழை, 30 அக்டோபர், காலை 9.15

வாய்க்கும் குழாய்க்கும் பசை போடாமல் விட்டது சரியா என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் காற்றடித்தால் குழாயே பிடுங்கிக்கொண்டு போகும். நான் மேலே ஒட்டி, கீழ்ப்பக்கம் நடுவில் ஓர் இணைப்பை மட்டும் பசை இல்லாமல் விடுவேன்.

பழைய தகரக்காரர், 30 அக்டோபர், மதியம் 12.30

அதுவும் செய்யலாம். எங்கேயாவது ஒரு இடத்துல குழாய் நீளவும் சுருங்கவும் வழி வேணும், அவ்வளவுதான். நான் மேலே விடறதுக்குக் காரணம், அடைச்சா கழட்டி எடுக்க வசதி. நீங்க காத்தைப் பார்க்கறீங்க. அவங்க வீட்ல மேல் கிளாம்ப் இறுக்கமா இருக்கறதால குழாய் எங்கேயும் போகாது.

மூலைவீடு, 31 அக்டோபர், மாலை 6.40

முந்தாநேத்து எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. வாய் சரியா மூலையில இல்லை, மூலையிலேருந்து ஒரு அடி உள்ளே. 24 அடியில 23 அடி வாயை நோக்கி இறங்குது. மீதி ஒரு அடியை நூல் போற போக்குலயே விட்டிருந்தேன், அது வாயைத் தாண்டியும் இறங்கிக்கிட்டே போகுது. மூடி போட்ட முனையில தண்ணி நிக்குது. இன்னைக்குப் பார்த்தா கொசுப்புழு. கடைசி பிராக்கெட்டைக் கழட்டி 3 மிமீ வாயை விட உசத்தி அடிச்சேன்.

பழைய தகரக்காரர், 31 அக்டோபர், இரவு 9.00

இது நான் சொல்லியிருக்கணும். தகரக் கட்டர் போட்ட காலத்துல நாங்க வாயைக் கடைசி முனையிலேயே வைச்சுடுவோம், அதனால நினைவுக்கு வரலை. அப்பல்லாம் ரப்பர் ஏது. ரெண்டு தகட்டை ரெண்டு, மூணு அங்குலம் மேலுக்கு மேல வைச்சு ரிவெட் அடிச்சு ஈயம் ஓட்டுவோம். தண்ணி வர்ற பக்கத்துத் தகடு மேலே, போற பக்கத்துத் தகடு கீழே. மாத்தி வைச்சா மடிப்புக்குள்ள தண்ணி புகுந்து ரெண்டே வருஷத்துல துரு. வாய்க்கு ஓட்டை போட்டா விளிம்பைச் சுத்தியலால கீழ்ப்பக்கமா தட்டி, கிண்ணம் மாதிரி இறக்குவோம். விளிம்பு ஒரு மயிரிழை மேலே நின்னாலும் அத்தனை கனத்துக்குத் தண்ணி சுத்தி நிக்கும். தகரக் கட்டர் வைச்சிருக்கறவங்க சிலிக்கான் வாங்கினா புளிச்ச காடி வாசம் வர்றதை வாங்காதீங்க, அது துத்தநாகப் பூச்சை அரிக்கும்.

மூலைவீடு, 9 நவம்பர், காலை 8.15

ரெண்டு நாள் விடாத மழை. வாய்கிட்ட ஒரு சொட்டு இல்லை. கோலமாவு தூவிப் பார்த்தேன், வெள்ளையாவே இருக்கு.

ஆனா நடு இணைப்புல கசியுது. அதை நான் சரியாத்தானே போட்டேன்.

மூலைவீடு, 9 நவம்பர், மாலை 5.50

கழட்டிப் பார்த்தேன். ரப்பருக்கும் கட்டருக்கும் நடுவுல ஒரு மணல் பரு, கடுகளவு. அரம் போட்ட பிசிறும் கொஞ்சம். கழுவித் துடைச்சு மாட்டினதும் நின்னுடுச்சு. மாட்டறதுக்கு முன்னால விரலால தடவிப் பார்க்கணும், கண்ணுக்கு இது தெரியலை.

கேத்திக்காரன், 12 நவம்பர், காலை 11.00

கீழ்ப்பக்கம் காத்துல சுவர் நனையுதா? 35 மிமீ இறங்கினதால இடைவெளி கூடியிருக்குமே.

மூலைவீடு, 12 நவம்பர், மதியம் 3.30

நனையுது. நீங்க கேட்ட பிறகுதான் கவனிச்சேன். மேல் முனையில ஷீட்டுக்கும் கட்டருக்கும் ஒரு அங்குலம், கீழ் முனையில 6 செ.மீ. கிழக்குக் காத்து அடிச்சா தண்ணி ஷீட் விளிம்புலேருந்து பின்னால சுருண்டு பலகையில ஓடுது. புதுப் பலகைத் துண்டே நனைஞ்சு கிடக்கு.

பழைய தகரக்காரர், 12 நவம்பர், இரவு 8.45

அதுக்குத் தகர நாக்கு. 6 அங்குல அகலத் தகட்டை நீளமா வெட்டி, பாதியை ஷீட்டுக்கு அடியில செருகி பலகையோட அடிச்சு, மீதியைக் கட்டருக்குள்ள தொங்க விடுங்க. பின் விளிம்பைத் தாண்டி ஒரு அங்குலம் உள்ளே இறங்கினா போதும், அடியைத் தொடக்கூடாது. கீழ் முனையில 10 அடிக்குப் போட்டா போதும்.

கட்டரோட பின் விளிம்பு முன் விளிம்பை விட ஒரு சுண்டுவிரல் கனம் உசந்து இருக்கான்னும் பாருங்க. அடைச்சு வழிஞ்சா முற்றத்துல வழியட்டும், சுவர்ப்பக்கம் வரக்கூடாது.

பண்ணைக்காடு அக்கா, 19 நவம்பர், காலை 7.30

கொல்லன் பதினாலு பிராக்கெட் அடிச்சுக் கொடுத்தான். கைமர நுனி நாலு உளுத்துப் போயிருக்கு. முதல்ல மரத்தை மாத்தணும். கட்டர் தை மாசம்தான்.

இலை விழாம மேலே வலை போடலாமா? கொட்டகைக்கு மேல கற்பூர மரம்.

பந்தலூர் மழை, 19 நவம்பர், காலை 9.40

வலை போடாதீர்கள். இலை வலை மேல் பாய் மாதிரிப் படிந்து, தண்ணீர் அதன் மேலேயே வழுக்கித் தாண்டிப் போகும்.

பழைய தகரக்காரர், 19 நவம்பர், மதியம் 1.00

கற்பூர மரத்து நீட்டு இலைக்கு முழு நீள வலை வேண்டாம்னுதான் நானும் சொல்வேன். வாயில மட்டும் கம்பிக் கூண்டு ஒண்ணு வைக்கலாம். ஆனா கூண்டே அடைச்சு கட்டர் வழிஞ்ச வீட்டையும் பார்த்திருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவை யாராவது ஏறிப் பார்க்கற வீட்டுக்குத்தான் கூண்டு.

மூலைவீடு, 17 டிசம்பர், மாலை 5.15

தகர நாக்கு போட்டாச்சு, பலகை காய்ஞ்சு கிடக்கு. மழை விட்டு ஒரு வாரமாச்சு. இன்னைக்குத் திரும்ப நூல் கட்டிப் பார்த்தேன். எல்லா பிராக்கெட்டும் நூலோட நிக்குது, மேலேருந்து மூணாவது மட்டும் 2 மிமீ இறங்கியிருக்கு. குரங்குக் கூட்டம் கொய்யா மரத்துலேருந்து தாவி இறங்கற இடம் அதுதான். திருகைக் கழட்டிப் பார்த்தா மரம் பிடிப்பு விட்டு ஓட்டை அகண்டிருக்கு. நீளமான திருகு போட்டு, அரையடி தள்ளி இன்னொரு பிராக்கெட்டும் அடிச்சேன்.